எக்ஸ்ரேக்காகக் கழற்றிய நாக்குக் கம்பி

எனக்கு வாய் அதிகம். பல் டாக்டருக்கு வாய் அதிகமாக இருப்பது நோயாளிக்குப் பெரிய தண்டனை. வாய்க்குள் கண்ணாடியையும் பஞ்சையும் எச்சில் உறிஞ்சும் குழாயையும் வைத்துவிட்டு, எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே போவேன். அவர்கள் ‘ஆ’ என்பார்கள். அந்த ‘ஆ’வுக்கு நானே ஒரு பதிலை வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவேன். தென்காசியில் உரக்கடை மாடியில் கிளினிக் போட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இத்தனை நாளும் இப்படித்தான் வண்டி ஓடியது. யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல விட்டால்தானே.

அந்தப் பெண் வந்தது குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த சமயம். காலையிலிருந்து சாரல். குத்துக்கல்வலசையிலிருந்து ஸ்கூட்டரில் நனைந்து வந்திருந்தாள். வெள்ளைச் சுடிதார், கையில் மடித்த கறுப்புக் கோட்டு. தென்காசி கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள். வயது இருபத்தைந்து இருக்கும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். அது எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று பிறகு நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை.

உட்கார்ந்ததும் தடங்கலில்லாமல்தான் பேசினாள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு முனை உடைந்துவிட்டதாம், தண்ணீர் குடித்தால் கூசுகிறதாம். நடுநடுவே ‘டிக்’ என்று சின்னச் சத்தம் கேட்டது. வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கின் நடுவில் ஒரு கம்பி, மேலே ஒரு குண்டு, கீழே ஒரு குண்டு.

இந்த மாதிரி வாய்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வருகிற பிள்ளைகள், கேரளாவில் படிக்கிற பிள்ளைகள். உதட்டில் ஒன்று, நாக்கில் ஒன்று. அழகுக்குப் போட்டுக்கொள்கிறார்கள், போட்டுக்கொள்ளட்டும். எனக்கு எரிச்சல் எதில் என்றால், உலோகமும் பல்லும் நாள் முழுக்க ஒரே வாயில் குடியிருந்தால் எது தேயும் என்று யாரும் யோசிப்பதில்லை. அதைக் கடித்து விளையாடாத ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை.

இவளும் கடித்திருக்கிறாள். மேல் குண்டைக் கடைவாயில் கவ்விக் கவ்விப் பல்லின் முனை பெயர்ந்திருந்தது. அதைவிட மோசம் முன்னால். கீழ் வரிசை முன்பற்கள் இரண்டுக்குப் பின்புறம் ஈறு கீழே இறங்கி, வேர் மஞ்சளாக வெளியே தெரிந்தது. நாக்கு அசையும்போதெல்லாம் அடிக் குண்டு அங்கே உரசியிருக்கிறது. ஒரு பல் விரலால் தொட்டால் லேசாக ஆடியது.

சென்னையில் சட்டம் படித்தபோது போட்டதாகச் சொன்னாள், மூன்று வருஷமாகிறது. குத்தின புதிதில் நாக்கு வீங்கும், அதற்கு இடம் விட்டு நீளமான கம்பியைத்தான் போடுவார்கள். வீக்கம் வற்றியதும் குட்டையானதாக மாற்றிவிட வேண்டும். மாற்றச் சொன்னார்களாம், இவள் மாற்றவில்லை. ஏன் என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணாடியை வாயில் நுழைத்துவிட்டேன். நீளக் கம்பியாக இருந்தால்தான் குண்டு பல்லுக்கு எட்டும், அதைக் கவ்வினால்தான் அவளுக்குச் சொல் வரும். இதையெல்லாம் அன்றே கேட்டிருக்கலாம்.

வேரைப் பார்க்க எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கம்பி இருந்தால் நிழல் விழுந்து ஒன்றும் தெரியாது. “கழத்தும்மா” என்றேன். தயங்கினாள். “ரெண்டு நிமிஷம்தான். எடுத்துட்டு மறுபடியும் மாட்டிக்கலாம்” என்று நான்தான் சொன்னேன். என் வாயால் நானே சொன்னது. குண்டைத் திருகிக் கழற்றிக் கம்பியை உருவி, என் உதவியாளர் நீட்டிய தட்டில் வைத்தாள். உதவியாளர் வாசுதேவநல்லூர்க்காரி, என்னோடு ஒன்பது வருஷமாக இருக்கிறாள். நான் பேசும் அளவுக்கு நேர்மாறாக அவள் பேச மாட்டாள்.

படம் திரையில் வந்தது. அந்த இரண்டு பல்லுக்கும் எலும்பு பாதி இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என் கோபம் எப்போதும் அக்கறை வேஷம் போட்டுக்கொண்டுதான் வரும், அதனால் அதை அடக்கவும் தோன்றாது. படிச்ச பிள்ளை, நாலு பேருக்கு நியாயம் பேசப் போகிற பிள்ளை, முப்பது வயதில் முன்பல் விழுந்து செட்டுப் பல்லை மாட்டிக்கொண்டா கோர்ட்டில் நிற்பாய் என்று ஆரம்பித்தேன். போன ஈறு தானாகத் திரும்பாது என்றேன். வாயில் எத்தனை கிருமி குடியிருக்கிறது தெரியுமா, அந்தத் துளை அதற்கெல்லாம் வாசல் கதவு என்றேன். எல்லாம் சரியான விஷயம்தான். ஒன்றுகூடத் தப்பில்லை.

“இது இனிமே ஒனக்கு வேண்டாம். தூரப் போட்டுரவா?” என்று தட்டிலிருந்து கம்பியை இடுக்கியால் எடுத்தேன்.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கண்ணை இறுக்கி மூடினாள், தாடை நடுங்கியது. அழப்போகிறாள், வெட்கம் போல என்று நினைத்தேன். மூன்று எண்ணும் நேரம்கூட நான் பொறுக்கவில்லை. ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பாவுக்குள் கம்பியைப் போட்டுவிட்டேன். அந்த டப்பாவில் விழுந்தது விழுந்ததுதான், மூடியைத் திறந்து திரும்ப எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது. உள்ளே எத்தனை பேர் வாயில் பட்ட ஊசிகளோ.

அவள் கையை நீட்டி டப்பாவைக் காட்டினாள். “போனது போகட்டும், நல்லதுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, உடைந்த முனையை அடைக்க வாயில் பஞ்சை வைத்துவிட்டேன். அரை மணி நேரம் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மரப்பு ஊசி வலிக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நல்லது சொன்னால் முகம் தூக்கிக்கொள்கிறது என்று உதவியாளரிடம் அலுத்துக்கொண்டேன். அவள் கருவிகளைக் கழுவிக்கொண்டே, “இல்ல டாக்டர், அந்தப் பிள்ள என்னமோ சொல்ல வந்துச்சு” என்றாள். சொல்ல வந்தால் சொல்ல வேண்டியதுதானே, யார் தடுத்தது என்று கேட்டேன்.

அன்று சாயங்காலம் நடந்தது பிறகு தெரிந்தது. மறுநாள் காலை கோர்ட்டில் ஒரு ஜீவனாம்ச மனு. புருஷன் கைவிட்ட ஓர் அம்மாவுக்காக. சீனியர் வெளியூர் போவதால், முதல்முறையாக அவளே எழுந்து நின்று பேச வேண்டியது. நாக்குத் துளைக்கு ஒரு குணம் உண்டு. காதுத் துளை மாதிரி வருஷக்கணக்கில் காத்திருக்காது. கம்பியை எடுத்துச் சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பித்துவிடும். நாக்குக்குப் போடும் கம்பி தென்காசி நகைக்கடையில் கிடைக்குமா? கிடைக்காது. சீசனுக்குக் குற்றாலத்தில் பச்சை குத்துகிற, மூக்கும் காதும் குத்துகிற கடைகள் முளைக்கும். அவள் அங்கே ஓடியிருக்கிறாள்.

கடைக்காரன் அட்டையில் செருகி வைத்திருந்ததில் ஒரு கம்பியை எடுத்தான். துளை சுருங்கிவிட்டதால் நுழையவில்லை. ஊசியை விட்டு அகலப்படுத்தி, அழுத்தி ஏற்றிவிட்டான். ரத்தம் வந்தது. பழைய கம்பி ஆறின நாக்குக்கு நீளம் அதிகம். இது புதுப் புண்ணுக்குக் குட்டை. வீங்கினால் இடமே இல்லை. அப்புறம் அவன் சொன்னது, “அருவித் தண்ணியில நல்லா கொப்பளிச்சுட்டுப் போங்கக்கா, மூலிகைத் தண்ணி, நாளைக்கே ஆறிரும்.” அவளும் அருவிக்குப் போய் வாய் நிறையத் தண்ணீரைப் பிடித்துக் கொப்பளித்தாள்.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே யாரும் சிரிக்க மாட்டோம். மலையில் உள்ள மூலிகையெல்லாம் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீர், குளித்தால் எந்த வியாதியும் போகும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். நான் மட்டும் என்ன, சுளுக்குப் பிடித்தவர்களிடம் போய் அருவியில் நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். குளிக்க அது சுகமான தண்ணீர்தான். ஆனால் பாறையிலும் இலையிலும் மண்ணிலும் புரண்டு வருகிற, காய்ச்சாத தண்ணீர். திறந்த புண்ணுக்கு அது மருந்தில்லை.

மறுநாள் கோர்ட்டில் அவள் பேசவில்லை. நாக்கு வீங்கி வாயை அடைத்துக்கொண்டது. வாய்தா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அவளுடைய அம்மா அவளைக் கைத்தாங்கலாக என் மாடிப்படியில் ஏற்றிக் கூட்டி வந்தார். அவள் முன்பக்கம் குனிந்தே உட்கார்ந்திருந்தாள், சாய முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டை வாய்க்கு அடியில் பிடித்திருந்தாள். காய்ச்சல் கொதித்தது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வீங்கிக் கழுத்தே காணவில்லை. தொட்டால் பலகை மாதிரி இருந்தது.

“மூணு நாளா என்னன்னு சொல்ல மாட்டேங்கா டாக்டரம்மா. கேட்டா கையக் கையக் காட்டுதா” என்றார் அம்மா.

வாய் இரண்டு விரல் அளவுதான் திறந்தது. நாக்கு மேலே தூக்கி நின்றது. அதற்குள் கம்பியின் மேல் குண்டு பாதி புதைந்திருந்தது. நான் டப்பாவில் போட்டதற்குப் பதிலாக இன்னொன்று. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. எல்லாம் இல்லை, பாதி.

நாக்குக்கு அடியில் பரவுகிற இந்தச் சீழ் பொல்லாதது. நாக்கை மேலேயும் பின்னாலேயும் தள்ளித் தள்ளி மூச்சுக்குழலை அடைத்துவிடும், மணிக்கணக்கில் நிலைமை மாறும். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிற கட்டம் தாண்டியிருந்தது. என் நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தால் அங்கேயே மூச்சு நின்றுவிடலாம். கம்பியை நான் தொடவில்லை. அதை உருவினால் துளை மூடிச் சீழ் உள்ளேயே அடைபடும், இழுக்கிற இழுப்பில் ரத்தம் வேறு கொட்டும். அதையெல்லாம் மூச்சுக்கு வழி செய்கிற டாக்டர்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். உட்கார்ந்தபடியே கொண்டு போகணும் என்று இரண்டு முறை சொன்னேன். இங்கே உள்ள ஆஸ்பத்திரியில் நரம்பில் முதல் மருந்து ஏற்றி, ஆக்சிஜன் வைத்து, திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். கிளினிக்கைப் பூட்டச் சொல்லிவிட்டு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பாவூர்சத்திரம் தாண்டியதும் அவள் செல்போனை எடுத்து எழுதிக் காட்டினாள். ‘நாக்கை வெட்டுவாங்களா?’

இல்லை என்றேன். தாடைக்கு அடியில் சின்னதாகக் கீறிச் சீழை வெளியேற்றுவார்கள், நாக்கு அப்படியேதான் இருக்கும் என்றேன்.

‘பேச வருமா?’

வரும் என்றேன். தலையை ஆட்டினாள், ஆமாம் என்று அல்ல. மறுபடி எழுதினாள். எழுத்து தப்பித் தப்பி வந்தது, அழித்து அழித்து எழுதினாள். ஆலங்குளம் வரப்போகும்போதுதான் என்னிடம் திருப்பிக் காட்டினாள்.

‘எனக்கு திக்கும். கம்பிய கடிச்சாதான் வார்த்தை வரும். அன்னைக்கு அதான் சொல்ல வந்தேன்.’

படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன். ஆம்புலன்ஸ் குலுங்குகிற குலுக்கலில் எழுத்தெல்லாம் ஆடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வரியைக் கேட்க எனக்கு அன்றைக்கு நேரமில்லை. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் இந்தப் பிள்ளை இந்த வண்டியில் இருக்க வேண்டாம். அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் விலக்கவில்லை.

அம்மாவும் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார். நாக்கில் கம்பி இருந்ததே அவருக்கு அன்று காலையில்தான் தெரியும். வாய் விட்டு அழுவார் என்று நினைத்தேன். மகள் வாயருகே நழுவிய துண்டைச் சரியாகப் பிடித்துவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: “மெட்ராஸ் போயிட்டு வந்து இவ திக்காம பேசுதான்னு, நான் கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டினேன் டாக்டரம்மா. ஒத்த வார்த்த சொல்லலியே எங்கிட்ட.”

மகள் துண்டால் வாயை மூடிக்கொண்டு அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

திருநெல்வேலியில் காத்திருக்க வைக்கவில்லை. விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மூச்சுவிடக் குழாய் வைத்தார்கள். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கீறி, சீழ் வடிய ரப்பர் குழாய் வைத்து, நாக்கில் புதைந்திருந்த கம்பியை எடுத்தார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அந்த இரண்டு நாளும் நான் கிளினிக்கில் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நோயாளிகள், டாக்டருக்கு உடம்பு சரியில்லையா என்று உதவியாளரிடம் விசாரித்தார்களாம்.

மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்துவிட்டார்கள், இனிப் பயமில்லை என்று அம்மா போன் பண்ணியது ஞாயிற்றுக்கிழமை. பயம் போனதும் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. அவள் எழுதிக் காட்டியதாக அம்மா சொன்ன அடையாளத்தை வைத்து, நேரே குற்றாலத்துக்கு வண்டியை விட்டேன். கூட்டமான கூட்டம். சிப்ஸ் கடைக்கும் எண்ணெய் மசாஜ் போடுகிறவர்களுக்கும் நடுவில், தார்ப்பாய்க்குக் கீழே அந்தக் கடை. கடைக்காரனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். கீழ் உதட்டுக்குக் கீழே பளபளவென்று ஓர் உலோகக் குமிழ்.

“நீதான் போன வாரம் ஒரு பிள்ளைக்கு நாக்குல குத்தினியா?” என்று ஆரம்பித்தேன்.

“வக்கீல் அக்காவா? நல்லாருக்காங்களா மேடம்? பேசிட்டாங்களா?” என்று எழுந்து நின்றுவிட்டான்.

அங்கேயே என் கோபத்துக்குப் பாதி காற்று இறங்கிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. ஸ்டூலை இழுத்து எனக்குப் போட்டான். கையுறை போட்டுத்தான் செய்தேன், ஊசி புதுசுதான் என்றான். கம்பி? அதை சானிடைசரில் துடைத்தானாம். துடைத்தால் போதாது, நீராவியில் அழுத்தம் கொடுத்துக் கொதிக்க வைக்க வேண்டும் என்றேன். அப்படி ஒரு மெஷின் இருப்பது தெரியும், வாங்கவில்லை என்றான். அருவித் தண்ணீர் பற்றி நான் சொன்னதை நம்பவே கஷ்டப்பட்டான். வருகிற எல்லாரிடமும் அதைத்தான் சொல்லி அனுப்புகிறானாம். இனிமேல் காய்ச்சி ஆறின உப்புத் தண்ணீர் என்று சொல், வீக்கம் கூடினால் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் ஓடச் சொல் என்றேன்.

“நான் முதல்ல முடியாதுன்னுதான் சொன்னேன் மேடம். துவாரம் சுருங்கிருச்சு, ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னேன். போன்ல எழுதிக் காட்டினாங்க. நாளைக்கு ஒரு அம்மாவுக்காகப் பேசணும், இது இல்லாம எனக்கு வாயே வராதுன்னு. இருந்த கம்பிய டாக்டர் வாங்கித் தூரப் போட்டுட்டாங்கன்னும் இருந்துச்சு.” என்னை நிமிர்ந்து பார்த்தான். “எந்த டாக்டர் மேடம் அப்படிச் செய்வாங்க?”

“நாந்தான் தம்பி” என்றேன்.

சண்டை போட வந்தவள் அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட்டதில் மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. எழுந்திருக்கும்போது தொழில் புத்தி விடுமா, உதட்டைக் கீழே இழுத்துக் காட்டு என்றேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், குமிழின் உள்தட்டு உரசுகிற இடத்தில் ஒரு பல்லின் ஈறு பாதி வேர்வரை இறங்கியிருந்தது. “அந்தப் பல்லு மட்டும் நீளமா வளருதுன்னு நெனச்சேன் மேடம்” என்றான். பல் வளரவில்லை, ஈறு கரைகிறது என்று சொன்னேன். மூன்று நாள் கழித்துக் கிளினிக்குக்கு வந்தான், குமிழைக் கழற்றி வைத்துவிட்டு. வாய்க்குள் இனிக் குத்த மாட்டேன், மூக்கும் காதும் போதும் என்றான். பாதி நம்புகிறேன். சீசனில் கூட்டம் வந்து நின்றால் மனசு என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்.

அவள் திரும்ப வர ஒன்றரை மாதம் ஆயிற்று. வருவாள் என்று நான் நினைக்கவில்லை. தாடைக்கு அடியில் இரண்டு தழும்பு, இன்னும் சிவப்பு மாறாமல். ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்ட வேண்டும், வேரைச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகு மேல்வாயிலிருந்து சதை எடுத்து ஈறு வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். உரசுகிற குண்டு போய்விட்டதால் அந்தப் பல்லுக்கு இனி ஒரு வழி உண்டு. இதையெல்லாம் சொல்லி முடித்தேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்றால், உதவியாளர் நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு, “அந்த அம்மா மனு என்னாச்சும்மா?” என்று கேட்டேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அன்றுதான் அவளுடைய சொந்தப் பேச்சை முதல்முறையாகக் கேட்டேன். ‘மனு’ என்ற சொல் வரவே நேரமாயிற்று. உதடு ஒட்டிக்கொள்ளும், கண் மூடும், தாடை நடுங்கும். அன்றைக்கு நான் அழுகை என்று நினைத்தேனே, அதேதான். சொல்லை நானே எடுத்துக்கொடுக்க நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருநெல்வேலியில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போகிறாளாம். திக்குகிறவர்கள் சொல் வரக் காலைத் தட்டுவது, தலையை ஆட்டுவது மாதிரித்தான் அந்தக் கம்பியும், கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும், பிறகு அதுவே விடாத பழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்று அவர் சொன்னாராம். சீனியர் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றாராம். இவள்தான் விடவில்லை. போன வாரம் எழுந்து நின்று பேசியிருக்கிறாள். இரண்டு நிமிஷத்தில் சொல்ல வேண்டியதற்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனதாம். பின்னால் யாரோ சிரித்தார்களாம். இடைக்கால ஜீவனாம்சத்துக்கு உத்தரவு வந்துவிட்டது.

“ஜட்ஜ் ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டேன்.

“இல்ல டாக்டர். பே… பேனாவக் கீழ வச்சுட்டு…” அங்கே நின்றது. கழுத்துத் தழும்புகள் இழுபட்டன. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போயிற்று. அவள் விடவில்லை. “கா… கா… காத்துக்கிட்டு இருந்தாரு.”

என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அன்னைக்கு நான் செஞ்சது தப்பும்மா. மன்னிச்சிரு” என்றேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முயன்றாள். நான் கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.